a³b²c-க்குப் பெரும மதிப்பு: எடைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

செண்பகம்

வணக்கம். அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு. அவனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கும்போது ஓர் இடத்தில் நின்றுவிட்டோம்.

a, b, c மூன்றும் மிகை எண்கள், a + b + c = 12. a³b²c-இன் பெரும மதிப்பு என்ன?

அவன் a-யை மூன்று முறை, b-யை இரண்டு முறை, c-யை ஒரு முறை எழுதி, அந்த ஆறு எண்களுக்கும் கூட்டுச் சராசரி ≥ பெருக்குச் சராசரி என்று போட்டான்.

(a + a + a + b + b + c)/6 ≥ (a³b²c)^(1/6)

இடது பக்கம் 3a + 2b + c வருகிறது. அது 3(a + b + c) = 36-ஐத் தாண்டாது. ஆகவே a³b²c ≤ 6⁶ = 46656.

புத்தகத்தின் விடைப் பக்கத்தில் 6912 என்று இருக்கிறது. ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டேன், எதுவும் தப்பாகத் தெரியவில்லை. பிறகு எப்படி ஏழு மடங்கு வித்தியாசம்? "புத்தகத்தில்தான் அச்சுப்பிழை" என்று பையன் அடித்துச் சொல்கிறான்.

நிலவன்

அச்சுப்பிழை இல்லை, 6912 சரிதான். இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. அடுக்குகள் 3, 2, 1. அதனால் a : b : c = 3 : 2 : 1 என்று 12-ஐப் பிரியுங்கள். 6, 4, 2 வரும். 216 × 16 × 2 = 6912. எப்போதும் அடுக்கின் விகிதத்தில் பிரித்தால் போதும், அசமன்பாடே எழுத வேண்டாம். நுழைவுத் தேர்வில் நான் இப்படித்தான் போடுவேன்.

கரும்பலகை

செண்பகம், பையன் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. a³b²c உண்மையிலேயே 46656-ஐத் தாண்டாது. ஆனால் கணக்கு கேட்பது தாண்டாத ஏதோ ஓர் எண்ணை இல்லை, தொட்டுவிடக்கூடிய எண்ணை. அவனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "46656 வருகிற மாதிரி a, b, c மூன்றையும் கண்டுபிடித்துக் காட்டு."

அவனால் முடியாது. ஏன் என்று அவனே பார்க்கட்டும். அவன் இரண்டு இடத்தில் ≤ போட்டிருக்கிறான். முதல் இடத்தில் சமம் வர வேண்டுமென்றால் ஆறு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும், அதாவது a = b = c. இரண்டாம் இடத்தில் 3a + 2b + c சரியாக 36 ஆக வேண்டுமென்றால் b-யும் c-யும் பூச்சியம், a மட்டும் 12. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. அங்கேதான் விடை நழுவிப் போனது.

சரி செய்வதற்கு, கூட்டும்போது நிபந்தனை அப்படியே திரும்பி வருகிற மாதிரி துண்டுகளை வெட்ட வேண்டும். a-யை மூன்று தடவை எழுதப் போகிறோம் என்றால் ஒவ்வொன்றும் a/3 ஆக இருக்கட்டும். b இரண்டு தடவை, ஆகவே b/2.

a/3 + a/3 + a/3 + b/2 + b/2 + c = a + b + c = 12

இப்போது கூட்டுத்தொகை மாறிலி. இரண்டாவது ≤ தேவையே இல்லை. சராசரி 2. ஆகவே

2⁶ ≥ (a/3)³ (b/2)² c = a³b²c / 108

a³b²c ≤ 64 × 108 = 6912. சமம் வர a/3 = b/2 = c = 2, அதாவது 6, 4, 2. போட்டுப் பார்த்தால் பொருந்துகிறது.

ஆறு துண்டு என்பதை வேறு மாதிரியும் சொல்லலாம். a/3 என்ற எண்ணுக்கு எடை 3/6, b/2-க்கு 2/6, c-க்கு 1/6. எடைகளின் கூட்டு 1. மூன்றே எண்கள்தான், ஆனால் சமமில்லாத எடைகள். அடுக்குதான் எடையைத் தீர்மானிக்கிறது. அந்த எடையோடு பெருக்கிக் கூட்டும்போது நிபந்தனை வர வேண்டும் என்பதுதான் எண்ணை எதால் வகுப்பது என்று தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

நிலவன் சொன்ன வழி இந்தக் கணக்குக்குச் சரி. "எப்போதும்" என்றதை மட்டும் ஒரு கணக்கில் சோதித்துப் பாருங்கள், தம்பி. நிபந்தனையை 2a + 3b + c = 12 என்று மாற்றினால் அதே a³b²c-க்குப் பெரும மதிப்பு என்ன?

நிலவன்

a = 3t, b = 2t, c = t. 6t + 6t + t = 13t = 12. t = 12/13. மதிப்பு 108 × (12/13)⁶, ஏறக்குறைய 66.8.

மூன்றாம்பிறை

a = 3, b = 4/3, c = 2 போட்டுப் பாருங்கள். 6 + 4 + 2 = 12, நிபந்தனை பொருந்துகிறது. பெருக்கல் 27 × 16/9 × 2 = 96. உங்கள் 66.8-ஐ விடப் பெரியது.

3 : 2 : 1 விகிதம் a, b, c-க்கு இல்லை, நிபந்தனையில் அவை எடுத்துக்கொள்ளும் பங்குக்கு. அதாவது 2a : 3b : c = 3 : 2 : 1. மொத்தம் 12-இல் 2a-க்கு 6, 3b-க்கு 4, c-க்கு 2. சரிபார்க்க வேண்டுமானால் p = 2a, q = 3b என்று வையுங்கள். p + q + c = 12, p³q²c ≤ 6912 என்று மேலே வந்தாயிற்று. p³q² = 8a³ × 9b², ஆகவே a³b²c ≤ 6912/72 = 96.

குணகங்கள் எல்லாம் 1 ஆக இருந்ததால் முதல் கணக்கில் பங்கும் எண்ணும் ஒன்றாகத் தெரிந்தன, அவ்வளவுதான்.

கோடைமழை

எனக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு வந்தது. a + b + c = 12, a³b²c-இன் சிறும மதிப்பு கேட்டிருந்தார்கள். அதே 6912 என்று எழுதினேன், மதிப்பெண் தரவில்லை. a³b²/c என்றால் c-க்கு எடை −1 போடலாமா?

கரும்பலகை

கோடைமழை, இங்கே கேட்டது பெரும மதிப்பு. சிறும மதிப்புக்கு இந்த அசமன்பாடு எதுவும் சொல்லாது. c-யைப் பூச்சியத்துக்கு நெருக்கிக்கொண்டே போங்கள், பெருக்கலும் பூச்சியத்துக்கு நெருங்கும். ஆனால் c மிகை எண் என்பதால் பூச்சியத்தைத் தொடாது. சிறும மதிப்பு என்று ஒன்று அங்கே இல்லை.

a³b²/c கதை நேர் எதிர். c சிறிதாகச் சிறிதாக அது எல்லையில்லாமல் பெருகும். மேல் வரம்பே கிடையாது. எடை −1 போட்டால் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும், அது பொய்யான எண். எடை எதுவும் குறையெண்ணாக இருக்கக் கூடாது.

செண்பகம்

ரொம்ப நன்றி சார். "கண்டுபிடித்துக் காட்டு" என்றதும் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு அவனே "இரண்டு இடத்திலும் சமம் ஒன்றாக வராது" என்று சொன்னான்.

இப்போது அடுத்த கேள்வி வைத்திருக்கிறான். அடுக்கு 3, 2 என்றால் மூன்று துண்டு, இரண்டு துண்டு. அடுக்கு √2 என்றால் எத்தனை துண்டு? x + y = 1 என்று வைத்து x^√2 · y-க்குப் பெரும மதிப்பு கேட்கிறான்.

நிலவன்

√2-ஐ 7/5 என்று எடுத்துக்கொள்ளலாம். x^(7/5) · y-ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் x⁷y⁵. பன்னிரண்டு துண்டு. இன்னும் துல்லியம் வேண்டுமானால் 17/12, 41/29 என்று போய்க்கொண்டே இருக்கலாம். கடைசியில் √2-க்கும் வந்துவிடும்.

கரும்பலகை

நல்ல யோசனை, பெரும்பகுதி சரி. அந்த வழியில் போனால் எல்லையில் ≤ கெடாமல் வந்து சேரும். ஆனால் எந்த இடத்தில் மட்டும் சமம் வரும் என்ற தகவல் வழியில் தொலைந்துவிடும். ஒவ்வொரு படியிலும் "கண்டிப்பாகச் சிறியது" என்று இருந்தது எல்லையில் "சிறியது அல்லது சமம்" ஆகிவிடலாம். நமக்குச் சமம் வரும் இடம்தானே முக்கியம்.

துண்டே வெட்டாமல் நிறுவும் வழி ஜார்ஜ் போயா கொடுத்தது. அதற்குத் தேவை ஒன்றே ஒன்று: எந்த t-க்கும் e^t ≥ 1 + t, சமம் t = 0-இல் மட்டும்.

எடைகள் w₁, w₂, …, கூட்டு 1. எண்கள் a₁, a₂, …. எடையோடு கூட்டிய சராசரியை A என்று வையுங்கள். இப்போது t = a₁/A − 1 என்று போட்டால்

a₁/A ≤ e^(a₁/A − 1)

இதை w₁ அடுக்குக்கு உயர்த்துங்கள். a₂-வுக்கும் அதே மாதிரி w₂ அடுக்கு. எல்லாவற்றையும் பெருக்குங்கள். வலது பக்கம் e-யின் மேலே என்ன சேர்கிறது? (w₁a₁ + w₂a₂ + …)/A கழித்தல் (w₁ + w₂ + …), அதாவது 1 − 1 = 0. e⁰ = 1. முடிந்தது: எடையிட்ட பெருக்குச் சராசரியை A-ஆல் வகுத்தால் 1-ஐத் தாண்டாது. எடை பின்னமா, √2-வா என்று எங்கேயும் கேட்கவே இல்லை. சமம் வர ஒவ்வொரு a-யும் A-க்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதும் கூடவே கிடைத்துவிடுகிறது.

பையனின் கணக்கில் எண்கள் x/√2, y. எடைகள் √2/(1+√2), 1/(1+√2). எடையோடு கூட்டினால் (x + y)/(1+√2) = 1/(1+√2). சமம் வர x/√2 = y. ஆகவே y = √2 − 1, x = 2 − √2. தசமத்தில் x ≈ 0.586, y ≈ 0.414, பெரும மதிப்பு ஏறக்குறைய 0.194. கால்குலேட்டரில் x-ஐ 0.55, 0.62 என்று மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் இறங்கும்.

நிலவன்

சரி, பங்கு விகிதம் என்பது புரிந்தது. இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பழைய கணக்கே, a + b + c = 12, ஆனால் c ≥ 3 என்று கூடுதலாக ஒரு நிபந்தனை. 6, 4, 2 இப்போது செல்லாது. c = 3 என்று நிறுத்தி, மீதி 9-ஐ a-க்கும் b-க்கும் 3 : 2 என்று பிரித்தால் a = 5.4, b = 3.6. பெருக்கல் 6122.2. இதுதான் விடை என்று தோன்றுகிறது. ஆனால் c = 3.5 அல்லது 4-இல் இதைவிடப் பெரிதாக வராது என்று எப்படி நிறுவுவது? வகையிடலில் போகாமல் எடையை வைத்தே முடியுமா?

மூன்றாம்பிறை

முடியும். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். விடை எங்கே இருக்கும் என்று ஊகம் இருந்தால், அந்த ஊகத்தை வைத்தே துண்டுகளை வெட்டலாம்.

எடைகள் மாறாது. அடுக்குகள் மாறாததால் அதே 3/6, 2/6, 1/6. வகுக்கும் எண்களை மட்டும் மாற்றுங்கள். a-யை 5.4-ஆல், b-யை 3.6-ஆல், c-யை 3-ஆல் வகுங்கள். நீங்கள் ஊகித்த புள்ளியில் மூன்றும் 1 ஆகிவிடும், ஆகவே சமம் அங்கேதான் வரும்.

எடையோடு கூட்டினால்

(3·a/5.4 + 2·b/3.6 + c/3)/6 = (5a/9 + 5b/9 + c/3)/6

a-க்கும் b-க்கும் ஒரே குணகம் 5/9 வந்திருப்பதைக் கவனியுங்கள். 9-ஐ 3 : 2 என்று சரியாகப் பிரித்ததன் பலன் அது. a + b = 12 − c என்று போடுங்கள்.

5(12 − c)/9 + c/3 = 20/3 − 2c/9

c ≥ 3 என்பதால் இது 20/3 − 2/3 = 6-ஐத் தாண்டாது. ஆறால் வகுத்தால் 1. ஆகவே (a/5.4)³ (b/3.6)² (c/3) ≤ 1, அதாவது a³b²c ≤ 5.4³ × 3.6² × 3 ≈ 6122.2.

இங்கேயும் இரண்டு ≤ இருக்கிறது, செண்பகம் வீட்டுப் பையன் போட்ட மாதிரியே. ஆனால் இரண்டுமே ஒரே புள்ளியில் சமமாகின்றன. அதுதான் வித்தியாசம்.

ஊகம் தப்பாக இருந்திருந்தால் எப்படித் தெரியும்? நிபந்தனை c ≤ 3 என்று இருந்து, நீங்கள் அதே 5.4, 3.6, 3-ஐ ஊகித்திருந்தால், 20/3 − 2c/9-இல் c குறையும்போது மதிப்பு 6-ஐத் தாண்டும். ஆதாரம் அங்கேயே முறிந்துவிடும். அந்த நிபந்தனைக்கு 6, 4, 2 செல்லும் என்பதால் முறியத்தான் வேண்டும்.

தகரப்பட்டறை

நான் படிப்பை விட்டு ரொம்ப நாளாயிற்று. தகட்டில் தொட்டி செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே பேசியதில் பங்கு பிரிக்கிற விஷயம் மட்டும் புரிந்தது. அதனால் என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன்.

மூடி இல்லாத தொட்டி, அடி சதுரம், கொள்ளளவு 8 கன மீட்டர். அடித்தகடு கனமானது, சதுர மீட்டருக்கு 1000 ரூபாய் என்று வையுங்கள். பக்கத்தகடு 500. எந்த அளவில் செய்தால் தகட்டுச் செலவு குறையும்? நான் வழக்கமாக 2 மீட்டருக்கு 2 மீட்டர் அடி, 2 மீட்டர் உயரம் என்று கன சதுரமாகச் செய்வேன். இப்போது அடித்தகடு விலை இரண்டு மடங்கு ஆகலாம் என்கிறார்கள். அப்போது அளவை மாற்ற வேண்டுமா?

கரும்பலகை

ஐயா, உங்கள் கேள்வி இந்த இழைக்கே உரியது. அடியின் பக்கம் x, உயரம் h. x²h = 8, ஆகவே h = 8/x².

அடிச் செலவு 1000x². பக்கச் செலவு 500 × 4xh = 16000/x.

இங்கே பெருக்கலுக்கு மேல் வரம்பு தேடவில்லை, கூட்டலுக்குக் கீழ் வரம்பு தேடுகிறோம். அசமன்பாடு அதேதான், மறுபக்கத்திலிருந்து படிக்கிறோம். பெருக்குச் சராசரியில் x இருக்கக் கூடாது, இருந்தால் வரம்பு மாறிலியாகாது. முதல் உறுப்பில் x-இன் அடுக்கு 2, இரண்டாவதில் −1. எடைகள் u, v என்றால் 2u − v = 0, u + v = 1. ஆகவே u = 1/3, v = 2/3.

1000x² + 16000/x = (1/3)(3000x²) + (2/3)(24000/x) ≥ (3000x²)^(1/3) × (24000/x)^(2/3)

x அடிபட்டுவிடும். 3000 × 24000² -இன் கன மூலம் 12000. சமம் வர 3000x² = 24000/x, x³ = 8, x = 2. உங்கள் கன சதுரம் இந்த விலைக்கு மிகச் சரியானது: அடி 4000, பக்கங்கள் 8000, மொத்தம் 12000 ரூபாய்.

இப்போது எடைகளைக் கவனியுங்கள். 1/3, 2/3 எங்கிருந்து வந்தன? அடுக்குகளிலிருந்து மட்டும். விலை அதில் வரவே இல்லை. அதாவது தகட்டு விலை என்னவாக இருந்தாலும், சிக்கனமான தொட்டியில் அடிக்கு மூன்றில் ஒரு பங்கு, பக்கங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு செலவாகும். விலை மாறினால் அளவுதான் மாறும், பங்கு மாறாது.

அடித்தகடு 2000 ஆனால்: 2000x² என்பது 16000/x-இல் பாதியாக இருக்க வேண்டும். x³ = 4, x ≈ 1.59 மீட்டர், உயரம் ≈ 3.17 மீட்டர். மொத்தம் ஏறக்குறைய 15119 ரூபாய். பழைய கன சதுரத்திலேயே நின்றால் 8000 + 8000 = 16000. அடி பாதிச் செலவை எடுத்துக்கொள்கிறது என்பதே அளவு தப்பு என்பதற்கு அடையாளம்.

பொறியியல் செலவுக் கணக்குகளில் இந்த வழியை 1961-இல் வெளியிட்டவர் கிளாரன்ஸ் ஸீனர். ஸீனர் டயோடு என்கிறோமே, அந்தப் பெயர் அவருடையதுதான். இது வளர்ந்து ஜியோமெட்ரிக் புரோகிராமிங் என்ற துறையாகவே ஆனது.

தகரப்பட்டறை

மூன்றில் ஒரு பங்கு என்பது மனதில் நின்றுவிட்டது, நன்றி ஐயா. ஆனால் வெல்டிங் கூலியை விட்டுவிட்டீர்கள். பழைய விலைக்கே கேட்கிறேன், 1000-க்கு 500. அடியைச் சுற்றி நாலு பக்கமும் ஓட்ட வேண்டும், நாலு மூலையிலும் மேலிருந்து கீழ் வரை ஓட்ட வேண்டும். மீட்டருக்கு 100 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மூன்றில் ஒன்றுதானா?

மூன்றாம்பிறை

இல்லை, அங்கே அந்த விதி நிற்காது. அடியைச் சுற்றி 400x, மூலைகளுக்கு 400h = 3200/x². இப்போது நாலு உறுப்பு:

1000x² + 16000/x + 400x + 3200/x²

எடைகளுக்கு இரண்டு சமன்பாடுதான் இருக்கிறது: கூட்டு 1, x-இன் அடுக்கு 0. தெரியாத எடைகள் நாலு. ஆகவே எடைகள் ஒன்றாக நிர்ணயமாகாது, எண்ணற்ற தேர்வுகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் உண்மையான ஒரு கீழ் வரம்பு கிடைக்கும். அவற்றில் மிக உயரமானதுதான் சரியான சிறும மதிப்பு. அதைக் கண்டுபிடிக்கும்போது விலைகள் உள்ளே வந்துவிடும்.

ஆனால் உங்களுக்கு அவ்வளவு தேவையா என்று பார்ப்போம். இரண்டு இரண்டாகப் பிரிக்கிறேன். முதல் இரண்டும் சேர்ந்து 12000-க்குக் குறையாது, மேலே வந்ததுதான். கடைசி இரண்டுக்கும் எடை 2/3, 1/3:

200x + 200x + 3200/x² ≥ 3 × (200 × 200 × 3200)^(1/3) ≈ 1512

ஆகவே எந்த அளவில் செய்தாலும் 13512-க்குக் கீழே போகாது. முதல் ஜோடிக்குச் சமம் x = 2-இல், இரண்டாவதுக்கு x³ = 16, அதாவது 2.52-இல். ஒன்றாக வராது, ஆகவே 13512 தொட முடியாத வரம்பு. இருந்தாலும் உங்கள் 2 மீட்டர் கன சதுரத்தின் செலவைப் போடுங்கள்: 4000 + 8000 + 800 + 800 = 13600. உண்மையான சிறும மதிப்பு 13512-க்கும் 13600-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நீங்கள் அதிகம் கொடுப்பது எப்படியும் 88 ரூபாய்க்கு மேல் போகாது. அளவை மாற்றாதீர்கள்.

செண்பகம்

ஒரு நிமிடம். தொட முடியாத வரம்பு உதவாது என்றுதானே முதலில் பேசினோம்? 46656-உம் இப்படிப்பட்டதுதானே?

மூன்றாம்பிறை

அங்கே கேள்வி பெரும மதிப்பு எது என்பது. அதற்கு 46656 விடையாகாது. இங்கே கேள்வி "இப்போது செய்வதை மாற்ற வேண்டுமா" என்பது. கையில் ஏற்கெனவே 13600 என்ற ஒரு செலவு இருப்பதால் வரம்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளி தெரிகிறது, அது சிறியது. 46656-க்குக் கீழே கையில் இருந்தது 6912, இடைவெளி மிகப் பெரியது. தளர்ந்த வரம்பு என்றால் அதுதான்.

தகரப்பட்டறை

88 ரூபாய்க்காக அளவுகோலை மாற்ற மாட்டேன், சரி. ஆனால் அடித்தகடு விலை ஏறினால் 3.17 மீட்டர் உயரம் என்றீர்களே ஐயா, அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அழுத்தம் கூடும், அதே பக்கத்தகடு தாங்காது. கனத்தைக் கூட்ட வேண்டும். அப்போது சதுர மீட்டருக்கு 500 என்பதே நிற்காதே.

கரும்பலகை

நியாயமான கேள்வி. என் கணக்கு பக்கத்தகட்டின் விலை உயரத்தைப் பொறுத்து மாறாது என்று எடுத்துக்கொண்டது. மாறும் என்றால் எடைகளும் மாறும்.

பேச்சுக்கு, பக்கத்தகட்டு விலை h-க்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது என்று வையுங்கள். பக்கச் செலவு x·h·h-ஐப் போல் போகும். h = 8/x² என்பதால் அது x × x⁻⁴ = x⁻³. இப்போது 2u − 3v = 0, u = 3/5, v = 2/5. சிக்கனமான தொட்டியில் அடிக்கு ஐந்தில் மூன்று பங்கு போகும். விலை √h-ஐப் போல் மெதுவாக ஏறினால் அடுக்கு −2, இரண்டுக்கும் பாதிப் பாதி. எடையைக் கேட்டால் விதி என்ன என்று சொல்கிறேன், ஆனால் உங்கள் தகட்டு விலை எந்த அடுக்கில் ஏறுகிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தகரப்பட்டறை

எந்த அடுக்கிலும் ஏறாது ஐயா, படிப்படியாகத்தான் ஏறும். கடையில் 3 மில்லி, 4 மில்லி, 5 மில்லி என்றுதான் தகடு வரும். ஓர் உயரம் வரை 3 தாங்கும், அதைத் தாண்டினால் மொத்தப் பக்கமும் 4-க்கு மாற வேண்டும்.

நிலவன்

அப்படியானால் ஒவ்வொரு தகட்டுக்கும் தனித் தனிக் கணக்கு. 3 மில்லிக்கு h இவ்வளவுக்கு மேல் கூடாது என்ற நிபந்தனை, அதாவது x இவ்வளவுக்குக் குறையக் கூடாது. c ≥ 3 கணக்கு மாதிரியே. எடை 1/3, 2/3 தருகிற x அந்த எல்லைக்குள் விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் விளிம்பில் நிற்க வேண்டும். மூன்று தகட்டுக்கும் போட்டு, எது குறைவோ அது. விலையும் தாங்கும் உயரமும் கொடுங்கள் அண்ணே, போட்டுப் பார்க்கிறேன்.

தகரப்பட்டறை

விலை இருக்கிறது தம்பி. எந்தத் தகடு எவ்வளவு உயரம் தாங்கும் என்பது அகலத்தையும் பொறுத்தது. பக்கத்தின் அகலம் குறைந்தால் அதே தகடு இன்னும் உயரம் தாங்கும். நடுவில் ஆங்கிள் வைத்தால் அதுவும் மாறும். எல்லையே x-ஓடு சேர்ந்து நகருமே, அதை எப்படிப் போடுவீர்கள்?

மூன்றாம்பிறை

அந்த எல்லையையும் x, h-இன் அடுக்குகளாக எழுத முடிந்தால் எடை வழி இன்னும் நிற்கும். ஆங்கிள் வைப்பதையும் சேர்த்தால் எனக்கு இப்போது வழி தெரியவில்லை. தகட்டு விவரங்களை எழுதுங்கள், முதலில் ஆங்கிள் இல்லாமல் போட்டுப் பார்ப்போம்.